சாய்கோட்டுக்கு இடப்பக்கம்

பாங்க் ஆஃப் தி வெஸ்ட் என்ற அமெரிக்க வங்கியின் இணையப் பக்கத்தில் ஒரு காலத்தில் கரடி ஒன்று அசைந்தாடும். சின்ன வீடியோதான், ஆனால் பார்த்தவர்களுக்குப் பிடித்துப்போனது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தையும் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ரச்னா தமீஜா, டைகர், மார்ட்டி ஹர்ஸ்ட் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 22 பேரை உட்காரவைத்து, ஒவ்வொருவருக்கும் இருபது வலைத்தளங்கள் வரை காட்டினார்கள். எது அசல், எது போலி என்று அவர்கள் சொல்ல வேண்டும். கரடி ஆடும் வங்கிப் பக்கமும் அதில் ஒன்று. பலர் கரடி மறுபடி ஆடுவதைப் பார்ப்பதற்காகவே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தார்கள். இவ்வளவு மெனக்கெட்டு யாரும் காப்பியடிக்க மாட்டார்கள், எனவே இது அசல்தான் என்று காரணம் சொன்னவர்களும் உண்டு.

அது போலி. 2006-ல் வெளியான அந்த ஆய்வில் அதிகம் பேரை ஏமாற்றிய பக்கமும் அதுதான். பங்கேற்றவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அதை உண்மையான வங்கி என்றார்கள். போலி கலந்திருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லித்தான் அவர்களை உட்காரவைத்திருந்தார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. குறை இருந்தது மேலே, முகவரிப் பட்டையில்.

```
www.bankofthevvest.com
```

இன்னொரு முறை பார்த்தால்தான் தெரியும். west என்பதில் வர வேண்டிய w அங்கே இல்லை. இரண்டு v-க்கள் ஒட்டி நிற்கின்றன.

வங்கியின் பக்கத்தை அச்சு அசலாக நகலெடுப்பது ஏன் இவ்வளவு சுலபம்? எந்த இணையப் பக்கமும் நம் திரைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது. லோகோ, நிறம், எழுத்துரு, பொத்தான்கள், கீழே உள்ள காப்புரிமை வரி என எல்லாமே ஏற்கெனவே நம் கணினிக்கு அனுப்பப்பட்டுவிட்டவை. அவற்றை அப்படியே சேமித்து வேறொரு இடத்தில் ஏற்றிவைக்க சில நிமிடங்கள் போதும். கரடி வீடியோவும் அப்படித்தான் வந்தது. "வாடிக்கையாளர்களே, மோசடிப் பேர்வழிகளிடம் எச்சரிக்கை" என்று வங்கி போட்டிருக்கும் அறிவிப்பு உட்பட எல்லாமே போலிப் பக்கத்துக்கும் வந்துவிடும்.

நகலெடுக்க முடியாதது ஒன்றுதான்: டொமைன் எனப்படும் பதிவுப் பெயர். ஒரு பெயர் ஒருவருக்கு மட்டுமே பதிவாகும். வங்கி வைத்திருக்கும் பெயரைத் திருடன் வாங்க முடியாது. அதனால் அதைப் போலத் தெரியும் வேறொரு பெயரை வாங்கி, பார்க்கிறவரின் கண் வழுக்கிப்போகும்படி அடுக்குகிறான். வங்கியின் பெயர் முகவரியில் எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். எங்காவது இருந்தால் போதாது. அது இருக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை இது. முகவரியின் தொடக்கத்தில் `https://` என்று இருக்கும். அதில் உள்ள இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டிப் போனால், அடுத்து ஒற்றைச் சாய்கோடு ஒன்று வரும். அங்கே நின்றுவிட வேண்டும். அதற்கு வலப்பக்கம் இருப்பதை எல்லாம் மறந்துவிடலாம். சாய்கோட்டிலிருந்து இடப்பக்கமாக, புள்ளி புள்ளியாகப் பின்னோக்கிப் படிக்க வேண்டும். சாய்கோடே இல்லாவிட்டால் முகவரியின் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிக்கலாம்.

பாரத ஸ்டேட் வங்கியின் நெட் பேங்கிங் முகவரியை எடுத்துக்கொள்வோம்.

```
https://onlinesbi.sbi.bank.in/
```

கடைசிச் சாய்கோட்டிலிருந்து பின்னால் வந்தால் முதலில் `in`, அது இந்தியாவுக்கான முடிவு. அடுத்து `bank`, அதன் கதைக்குப் பிறகு வருவோம். அதற்கு முன்னால் `sbi`. பதிவான பெயர் `sbi.bank.in` என்பதோடு முடிந்தது. அதற்கும் முன்னால் உள்ள `onlinesbi`, வங்கி தன் வசதிக்காகத் தானே வைத்துக்கொண்ட உட்பிரிவு. நாம் அஞ்சல் உறையில் முகவரி எழுதும் முறைதான் இது: வீட்டுப் பெயர் முதலில், தெரு அடுத்து, ஊர் கடைசியில். வீட்டுக்கு யார் வேண்டுமானாலும் 'மதுரை இல்லம்' என்று பெயர் வைக்கலாம். கடிதம் போய்ச் சேர்வது கடைசி வரியில் உள்ள ஊருக்குத்தான்.

இந்த முறையை வைத்து, உண்மையில் நடந்த ஒரு மோசடியைப் பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் இந்திய அரசின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இந்திய வங்கி வாடிக்கையாளர்களுக்கு, உங்கள் கணக்கு முடக்கப்படும், கே.ஒய்.சி. விவரங்களைப் புதுப்பியுங்கள் என்று குறுஞ்செய்திகள் வந்துகொண்டிருந்தன. கூடவே ஒரு லிங்க். அதன் அமைப்பை, வங்கியின் பெயரை மறைத்து, செர்ட்-இன் வெளியிட்டது. ஏறத்தாழ இந்த வடிவம்:

```
http://446bdf227fc4.ngrok.io/xxxbank
```

xxx என்ற இடத்தில் வங்கியின் பெயர் இருக்கும். அவசரத்தில் பார்ப்பவரின் கண்ணுக்கு முன்னால் இருக்கும் எண்களும் எழுத்துகளும் ஏதோ கணினிச் சமாசாரம்; கடைசியில் இருக்கும் வங்கிப் பெயர்தான் தெளிவாகப் படிக்க முடிகிற சொல். ஆனால் அது சாய்கோட்டுக்கு வலப்பக்கம் இருக்கிறது. வலப்பக்கம் இருப்பது, அந்தத் தளத்தை வைத்திருப்பவர் தன் கோப்புக்கோ அடைவுக்கோ இட்டுக்கொண்ட பெயர். அங்கே வங்கியின் பெயரை எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை. சாய்கோட்டிலிருந்து இடப்பக்கம் வந்தால் `io`, பிறகு `ngrok`. அது, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் கணினியில் ஓடும் தளத்தை மற்றவர்களுக்குத் தற்காலிகமாகத் திறந்துகாட்டப் பயன்படுத்தும் ஒரு நேர்மையான சேவை. எந்த வங்கிக்கும் அதோடு சம்பந்தமில்லை. திருடர்கள் அதில் இடம் பிடித்து, வங்கியின் உள்நுழைவுப் பக்கத்தை நகலெடுத்து வைத்திருந்தார்கள்.

அடுத்து நடந்ததையும் செர்ட்-இன் விவரித்திருந்தது. வாடிக்கையாளர் போலிப் பக்கத்தில் பயனர் பெயர், கடவுச்சொல், கைபேசி எண்ணைப் போடுகிறார். அதே நேரத்தில் மறுமுனையில் இருப்பவன் அவற்றை வங்கியின் உண்மையான தளத்தில் போடுகிறான். வங்கி வழக்கம்போல வாடிக்கையாளரின் கைபேசிக்கு ஓ.டி.பி. அனுப்புகிறது. உண்மையான வங்கியிடமிருந்து உண்மையான ஓ.டி.பி. வந்ததும் அவருக்கு நம்பிக்கை உறுதியாகிவிடுகிறது. அதையும் போலிப் பக்கத்தில் போடுகிறார். மறுமுனையில் பணம் கிளம்புகிறது. ஓ.டி.பி. வந்தது என்பதால் பக்கம் அசல் என்று ஆகிவிடாது. யாரோ ஒருவர் வங்கியின் கதவைத் தட்டினார் என்று மட்டுமே அதற்கு அர்த்தம்.

வலப்பக்கத்தில் வங்கிப் பெயரை வைப்பது ஒரு வகை என்றால், இடக்கோடியில் வைப்பது இன்னொரு வகை. இதில் ஏமாறுவது இன்னும் எளிது, ஏனென்றால் நாம் இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியவர்கள். மாதிரிக்கு ஒன்று:

```
https://indianbank.bank.in.kyc-update.example/login
```

முதல் பாதியைப் படித்ததும் மனது நிம்மதியாகிவிடுகிறது. `indianbank.bank.in` என்பது இந்தியன் வங்கியின் உண்மையான முகவரியும்கூட. ஆனால் அது முடியவில்லை. `in`-க்குப் பிறகு சாய்கோடு வரவில்லை, இன்னொரு புள்ளி வருகிறது. சாய்கோட்டிலிருந்து பின்னோக்கி வந்தால் `example`, அடுத்து `kyc-update`. தளத்தின் சொந்தக்காரர் `kyc-update` என்ற பெயரை வைத்திருப்பவர். அதற்கு முன்னால் உள்ள அனைத்தும் அவர் இஷ்டத்துக்கு வைத்த வீட்டுப் பெயர். இங்கே காட்டியிருக்கும் `.example` என்ற முடிவு எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது, அதை யாரும் வாங்க முடியாது. உண்மையான மோசடியில் அந்த இடத்தில் `.com`, `.xyz`, `.top` என ஏதாவது இருக்கும்.

மூன்றாவது வகை, பதிவுப் பெயரையே வேறு எழுத்துகளால் ஒப்பேற்றுவது. கரடிப் பக்கத்தின் இரட்டை v இந்த ரகம். r-ம் n-ம் ஒட்டி நின்றால் m போலத் தெரியும். சிறிய l, பெரிய I, எண் 1 ஆகிய மூன்றும் பல எழுத்துருக்களில் அண்ணன் தம்பிகள். இந்த ரகத்தின் உச்சத்தை 2017 ஏப்ரலில் ஷூடாங் ஜெங் என்ற மென்பொருளாளர் செய்துகாட்டினார். ரஷ்ய மொழிக்குப் பயன்படும் சிரிலிக் குடும்பத்து எழுத்துகளை வைத்தே apple என்று தோன்றும் பெயரைப் பதிவுசெய்தார். அன்றைய குரோம், ஃபயர்பாக்ஸ் பிரவுசர்களின் முகவரிப் பட்டையில் அது `apple.com` என்றே தெரிந்தது. கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்க வழியே இல்லை. குரோம் சீக்கிரமே திருத்தப்பட்டது. இப்போது அதே பெயர் அதில் `xn--80ak6aa92e.com` என்று உண்மை உருவத்தில் தெரியும். வங்கி முகவரி இருக்க வேண்டிய இடத்தில் `xn--` என்று ஏதாவது தொடங்கினால், பிரவுசர் நமக்கு ஏதோ சொல்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இதற்கெல்லாம் பூட்டுச் சின்னம் உதவாதா என்று கேட்பார்கள். உதவாது. முகவரிக்கு அருகில் இருந்த அந்தப் பூட்டு, நமக்கும் தளத்துக்கும் இடையில் போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டும் சொன்னது. மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று சொல்லவில்லை. 2015 முதல் அதற்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் யாருக்கும் இலவசமாகத் தருகின்றன, திருடனுக்கும் கிடைக்கும். பூட்டின் சரியான பொருளைத் தன் ஆய்வில் 11 சதவீதம் பேர்தான் புரிந்துகொண்டிருந்தார்கள் என்று கூகுள் சொன்னது. 2023 செப்டம்பரில் குரோமிலிருந்து பூட்டையே எடுத்துவிட்டு வேறொரு சின்னத்தை வைத்தது.

இந்தியாவில் வங்கி முகவரிகளைப் படிப்பது நெடுநாள் குழப்பமாகவே இருந்தது. அதில் வங்கிகளுக்கும் பங்கு உண்டு. ஒரு வங்கி `.com` வைத்திருந்தது, இன்னொன்று `.in`, வேறொன்று `.co.in`. பாரத ஸ்டேட் வங்கி ஒன்றுக்கே `sbi.co.in`, `onlinesbi.com`, பிறகு `onlinesbi.sbi` என்று பல முகவரிகள். இவற்றில் எது அசல் என்று வாடிக்கையாளர் மனப்பாடம் செய்துதான் வைத்திருக்க வேண்டும். 

இதற்கு ரிசர்வ் வங்கி ஒரு வழி செய்தது. 2025 பிப்ரவரியில் நாணயக் கொள்கையை அறிவித்தபோது, இந்திய வங்கிகளுக்கென்று தனியாக `.bank.in` என்ற முடிவு வரும் என்று சொன்னது. ஏப்ரலில் சுற்றறிக்கை போய், அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் மாறிவிட வேண்டும் என்று கெடு வைத்தது. இந்தப் பெயரைப் பதிவுசெய்து தரும் உரிமை, ஹைதராபாதில் ரிசர்வ் வங்கி நிறுவிய ஐ.டி.ஆர்.பி.டி. என்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. `.com` பெயரைச் சில நூறு ரூபாய்க்கு யாரும் இணையத்தில் வாங்கலாம். `.bank.in` பெயரை வங்கி மட்டுமே வாங்க முடியும். இன்று எச்.டி.எஃப்.சி. வங்கி `hdfc.bank.in`, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி `icici.bank.in`, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி `iob.bank.in`. பழைய முகவரியைத் தட்டினாலும் பெரும்பாலும் புதியதற்குக் கொண்டுவிடும்.

ஆகவே இப்போது வேலை சுருங்கியிருக்கிறது. ஒற்றைச் சாய்கோட்டுக்கு நேர் இடப்பக்கம் `.bank.in` இருக்கிறதா, அதற்கு முன் ஒரு புள்ளி இருக்கிறதா, அந்தப் புள்ளிக்கு முன் நம் வங்கியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இதில் நடுவில் சொன்ன புள்ளியை லேசாக விட்டுவிடக் கூடாது. `iob.bank.in` என்பதையும் `iob-bank.in` என்பதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். முகவரியில் புள்ளிதான் எல்லைக்கோடு. சிறுகோடு எதையும் பிரிப்பதில்லை, அதுவும் ஓர் எழுத்து மாதிரிதான். இரண்டாவது முகவரியில் பதிவான பெயர் `iob-bank` என்ற ஒரே துண்டு. அது சாதாரண `.in` பெயர். அப்படி ஒரு பெயரைப் பதிவுசெய்ய வங்கியாக இருக்க வேண்டியதில்லை.

கைபேசியில் இதைப் படிப்பது கணினியைவிடச் சிரமம். பட்டை குறுகலாக இருப்பதால் நீண்ட முகவரி முழுவதும் தெரியாது. முகவரிமேல் ஒரு தட்டு தட்டினால் முழுதாகத் திறக்கும், விரலால் நகர்த்திச் சாய்கோடு வரை போகலாம். கணினியில் ஃபயர்பாக்ஸ் பதிவுப் பெயரை மட்டும் அழுத்தமாகவும் மற்றதை மங்கலாகவும் காட்டும், அது பெரிய உதவி. குறுஞ்செய்தியில் இருக்கும் லிங்கைப் பார்த்து முடிவுக்கு வருவது மட்டும் சரிப்படாது. சுருக்கப்பட்ட லிங்குகளில் உண்மை முகவரி தெரியாது. நேர்மையாகத் தெரியும் லிங்கும் வேறு இடத்துக்குத் தாவக்கூடும். பக்கம் திறந்து நின்ற பிறகு பட்டையில் என்ன இருக்கிறது என்பதே கணக்கு.

அந்தப் பட்டையையே போலியாக வரைந்துவிட்டால்? 2019-ல் ஜிம் ஃபிஷர் என்ற மென்பொருளாளர் அதையும் செய்துகாட்டினார். கைபேசியில் குரோமில் பக்கத்தைக் கீழே நகர்த்தும்போது முகவரிப் பட்டை மேலே ஒளிந்துகொள்ளும். அந்த இடத்தில் தன் பக்கத்தின் ஒரு பகுதியாக, எச்.எஸ்.பி.சி. வங்கியின் முகவரி எழுதிய ஒரு பட்டையைப் படமாக வரைந்துவைத்தார். இருந்தது அவருடைய சொந்தத் தளம்; தெரிந்தது வங்கியின் முகவரி. இதற்கு மருந்து முகவரியைப் படிப்பதில் இல்லை, வந்த வழியில் இருக்கிறது. லிங்கைத் தட்டி வந்த பக்கத்தில் உள்நுழையாமல், புதிதாக ஒரு தாவல் திறந்து வங்கியின் முகவரியைத் தானே அடித்துப் போனால் இந்தப் படம் கூட வராது. ஒருமுறை சரியாக அடித்து, சரிபார்த்து, புக்மார்க்காகச் சேமித்துக்கொண்டால் தட்டுப்பிழைக்கும் இடமில்லை. தேடுபொறியில் வங்கியின் பெயரைப் போட்டு முதலில் வருவதைத் தட்டும் பழக்கத்தில் ஓர் ஆபத்து உண்டு: மேலே நிற்பது காசு கொடுத்து வைத்த விளம்பரமாக இருக்கலாம்.

கண் தளரும் இடத்தில் இயந்திரம் தளராது. பிரவுசரிலோ தனியாகவோ கடவுச்சொல்லைச் சேமித்துத் தரும் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் காவல் உண்டு. அது பக்கத்தின் அழகைப் பார்ப்பதில்லை, பதிவுப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறது. w-க்குப் பதில் இரண்டு v இருந்தால் அதற்கு அது வேறு தளம், கடவுச்சொல்லை நிரப்பாது. தினமும் தானாக நிரப்பும் பக்கத்தில் ஒருநாள் நிரப்பவில்லை என்றால், உடனே கையால் அடித்துவிடாமல் முகவரியைப் பார்க்க வேண்டும். ஆனால் எல்லா வங்கிகளும் இந்த வசதியை அனுமதிப்பதில்லை.

முகவரி சரியாக இருந்தும் பக்கம் போலியாக இருந்த சம்பவமும் உண்டு. 2016 அக்டோபரில் பிரேசிலில் ஒரு வங்கியின் டொமைன் கணக்கையே திருடர்கள் கைப்பற்றினார்கள் என்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் பின்னர் தெரிவித்தது. சில மணி நேரம் அந்த வங்கியின் 36 பெயர்களும் திருடர்களின் தளத்துக்குக் கொண்டுபோயின. முகவரியைச் சரியாக அடித்தவர்களும் அங்கேதான் போய் நின்றார்கள். வாடிக்கையாளர் எவ்வளவு கவனமாகப் படித்தாலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. பெயர்ப் பதிவை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அது சான்று. அதேபோல வாட்ஸ்அப்பில் 'வங்கிச் செயலி' என்று வரும் ஏ.பி.கே. கோப்பை நிறுவிவிட்டால் படிப்பதற்கு முகவரிப் பட்டையே இருக்காது. அதை நிறுவாமல் இருப்பதைத் தவிர வேறு சோதனை இல்லை.

போலிப் பக்கத்தில் விவரங்களைக் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் முதலில் வங்கியை அழைத்து நெட் பேங்கிங்கையும் கார்டையும் முடக்கச் சொல்ல வேண்டும். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். பணம் கணக்கு கணக்காகத் தாவுவதற்குள் சொன்னால் வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். குறுஞ்செய்தியையும் போலி முகவரியையும் அழிக்காமல் திரைப்படம் பிடித்து வைத்துக்கொள்வது புகாருக்கு உதவும். எழுத்துப் புகாருக்கான தளம் `cybercrime.gov.in`. `.gov.in` என்ற முடிவும் `.bank.in` போலவே அரசு அமைப்புகளுக்கு மட்டும் தரப்படுவது. பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டு வரும் அடுத்த லிங்கையும் இதே முறையில், சாய்கோட்டிலிருந்து பின்னோக்கிப் படித்துப் பார்க்கலாம்.